தப்பாக எழுதிய பெயரை எழுதியவர்களே திருத்துங்கள்: நீலகிரி தேயிலைத் தோட்ட நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் மேலாளர்களுக்கும், எங்கள் மக்களின் வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும்,

கூடலூர் வட்டத்தில் ஒரு தோட்ட ஆபீஸ் வாசலில் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாத தொழிலாளர்கள் ஆதாரில் பெயரை மாற்றிக்கொண்டு வர வேண்டும், அதுவரை பி.எஃப். சம்பந்தமான எந்தத் தாளிலும் ஆபீஸ் கையெழுத்துப் போடாது என்கிறது அது. அந்த அறிவிப்பைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஆட்கள் என் கடைக்கு வருகிறார்கள். நான் இங்கே இ-சேவை மையம் நடத்துகிறேன். என் அம்மா இதே மலையில் கொழுந்து பறித்தவர். இந்த அறிவிப்பு தவறானது. இப்படி எழுதியது ஒரு தோட்டம்தான் என்றாலும் இதையே வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒருவருடைய கதையை முழுதாகச் சொல்கிறேன். அவருடைய உண்மையான பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் லைனில் நாலு வீட்டுக்கு ஒரு லெட்சுமி உண்டு, எனவே லெட்சுமி அக்கா என்றே வைத்துக்கொள்வோம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். அந்தக் குடும்ப அட்டையில் அவர் பெயர் Letchumi என்று இருந்தது. இலங்கை மலையகத்தில் அந்தப் பெயரை அப்படித்தான் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதைப் பார்த்தே வந்தன. ஆதார் எடுத்தபோது அப்பா பெயரையும் சேர்த்து Letchumi Ramaiah என்று பதிந்தது. இவ்வளவிலும் ஒரு முரண்பாடும் கிடையாது.

தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது மட்டும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதிய கிளார்க் அட்டையைக் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார், தனக்குத் தெரிந்த எழுத்தில் R LAKSHMI என்று எழுதினார். பி.எஃப். படிவத்துக்கும் அதுவே போனது. 2014இல் ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் யு.ஏ.என். என்ற 12 இலக்க நிரந்தர எண் வந்தபோதும் பழைய பதிவில் இருந்த அதே பெயர்தான் அதில் ஏறியது. அக்கா கைநாட்டு வைப்பவர். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

2024இல் அவருக்கு 58 வயது நிறைந்தது. பி.எஃப். பணத்தையும் பென்ஷனையும் கேட்டு விண்ணப்பிக்க வந்தார். ஆதார் எண்ணைப் போட்டேன். போனுக்கு ஓ.டி.பி. வந்தது, அதையும் போட்டேன். விவரங்கள் ஆதாரோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது.

இந்த இடத்தில் நடப்பது என்ன என்பதைத் தோட்ட ஆபீஸ்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் அனுபவம். “ஆதார் நம்பர் தப்பு, மறுபடி போட்டுப் பாரு” என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். எண் தப்பாக இருந்தால் அது வேறு மாதிரி தெரியும். ஆதாரின் 12ஆவது இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சோதனை இலக்கம். ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி அடித்தாலோ அந்தக் கணக்கு உதைக்கும். எண்ணே செல்லாது என்று சொல்லிவிடும். பொருந்தவில்லை என்று வந்தால் பெரும்பாலும் எண் சரி, ஆள் விவரத்தில்தான் சிக்கல். எத்தனை முறை திருப்பி அடித்தாலும் பதில் மாறாது.

ஓ.டி.பி. வந்துவிட்டதே, அப்புறம் ஏன் என்றும் கேட்கிறார்கள். ஓ.டி.பி. அந்தப் போன் இவருடையதுதானா என்று மட்டும் பார்க்கிறது. பெயர்ச் சரிபார்ப்பு தனி. பி.எஃப். பதிவில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதார் எண்ணோடு சேர்ந்து ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போகின்றன. அங்கிருந்து ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். ஆள் விவரம் பொருந்தாவிட்டால் அதற்கான பிழைக் குறியீடு 100. ஆதாரில் என்ன பெயர் இருக்கிறது, எந்த எழுத்தில் வேறுபாடு என்பதை அது சொல்லாது. அப்படிச் சொன்னால் யாருடைய எண்ணையாவது போட்டு அவர் பெயரைத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா. எனவே அந்த ஏற்பாட்டில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த “இல்லை”யை வாங்கிக்கொண்டு தொழிலாளி நிற்கும்போது, எங்கே வேறுபாடு என்று கண்டுபிடிக்கத் தேவையான இன்னொரு தாள் உங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆதார் அட்டையின் ஆங்கில வரியையும், யு.ஏ.என். பதிவில் இருக்கும் உறுப்பினர் பெயரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். தமிழ் வரி சரியாக இருப்பது இங்கே உதவாது. அக்காவின் விஷயத்தில் இப்படி இருந்தது:

```
ஆதார்  : Letchumi Ramaiah
பி.எஃப். : R LAKSHMI
```

பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பிரச்சினை இல்லை. அதைத் தாண்டி இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. ஒன்று, இனிஷியலுக்குப் பதில் ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். இரண்டு, பெயரின் எழுத்துக்களே வேறு.

முதல் வகை நம் ஊரில் எல்லோருக்கும் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை முன்னால் போடுவார் ஒருவர், பின்னால் போடுவார் இன்னொருவர், விரித்து எழுதுவார் மூன்றாமவர். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்து வந்து உட்காரும். இந்த வகைக்கு ஆதார் சரிபார்ப்பின் தொழில்நுட்ப விதிகளிலேயே ஒரு வழி இருக்கிறது. பெயரை முழுப் பொருத்தமாகவும் கேட்கலாம், பகுதிப் பொருத்தமாகவும் கேட்கலாம். பகுதிப் பொருத்தத்தில், ஆதாரில் உள்ள பெயரின் சொற்களில் எத்தனை சதவீதம் வந்தால் போதும் என்று கேட்கும் அமைப்பே சொல்லலாம். எதையும் சொல்லாமல் விட்டால் 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது Selvi Ramaiah என்று ஆதார் இருக்கும் ஒருவருக்கு Selvi என்று மட்டும் அனுப்பி, பாதி போதும் என்று கேட்டால் ஆம் என்று பதில் வர வாய்ப்பு உண்டு. பணம் போகிற இடத்தில் இவ்வளவு தளர்த்தக் கூடாது என்று அதிகாரிகள் நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் பத்து செல்விகள் இருப்பார்கள்.

இரண்டாம் வகைக்கு அந்த வழியும் இல்லை. LAKSHMI என்பதும் Letchumi என்பதும் நமக்கு ஒரே பெயர், கணினிக்கு வேறு வேறு சொற்கள். இதற்கு ஒரே தீர்வு, இரண்டு பதிவுகளில் ஒன்றைத் திருத்துவது. எதைத் திருத்துவது என்பதில்தான் உங்கள் அறிவிப்போடு எனக்குச் சண்டை.

ஆதாரை மாற்று என்கிறீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். மாற்றுவதற்குப் புதிய பெயர் அச்சிட்ட ஆதாரம் வேண்டும். R LAKSHMI என்ற பெயரில் அக்காவிடம் என்ன இருக்கிறது? உங்கள் செக்ரோலைத் தவிர உலகத்தில் எந்தத் தாளிலும் அவருக்கு அந்தப் பெயர் இல்லை. சரி, எப்படியோ ஒரு சான்று வாங்கி மாற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் வங்கிக் கணக்கில் வேறு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர், பான் கார்டு இருந்தால் அதிலும் வேறு பெயர். பி.எஃப். பணம் வந்து விழ வேண்டிய வங்கிக் கணக்கும் பெயர் பொருந்தாமல் போகும். ஒரு தாளில் இருந்த தவறைக் காப்பாற்றுவதற்காக ஐந்து சரியான தாள்களைத் தவறாக்கச் சொல்கிறீர்கள். செலவும் அலைச்சலும் தொழிலாளிக்கு. ஆதார் மையத்தில் 75 ரூபாய்தான் கட்டணம் என்று லேசாகச் சொல்லாதீர்கள். பாடந்தொரையிலிருந்தோ தேவாலாவிலிருந்தோ ஒருத்தி கூடலூர் வந்து வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய கூலி போச்சு. அன்று சர்வர் வேலை செய்யாவிட்டால் அடுத்த நாள் கூலியும் போகும்.

திருத்த வேண்டியது பி.எஃப். பதிவை. அதற்கான வழியும் இருக்கிறது. கூட்டு உறுதிமொழி என்று சொல்லும் படிவம், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, சரியான பெயர் இது என்று சொல்வது. 2023 ஆகஸ்டில் அதற்கென்று நடைமுறை விதிகள் வந்தன. 2025 ஜனவரியில் இன்னும் எளிதாக்கினார்கள். 1.10.2017 அன்றோ அதற்குப் பிறகோ ஆதார் சரிபார்த்து யு.ஏ.என். வாங்கியவர்கள் தாங்களே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி ஒப்புதல் கொடுத்தால் போதும். செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு, “இனிமே எங்ககிட்ட வர வேண்டியதில்ல, நீங்களே ஆன்லைன்ல பண்ணிக்கலாம்” என்று சில ஆபீஸ்கள் சொல்கின்றன.

அந்தச் சலுகை அக்காவுக்கு எட்டாது. அவருடைய எண் 2017க்கு முந்தையது. அதோடு அவர் கணக்கில் ஆதார் இதுவரை இணையவே இல்லை. இணையத்தில் தானே பெயரைத் திருத்த வேண்டுமானால் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதார் இணைய வேண்டுமானால் பெயர் பொருந்தியிருக்க வேண்டும். பெயர் பொருந்த வேண்டுமானால் திருத்த வேண்டும். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர ஒரே வாசல், முதலாளி கையெழுத்தோடு கொடுக்கும் கூட்டு உறுதிமொழி. அந்தக் கையெழுத்தைத்தான் போட மாட்டோம் என்று வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். வயதான தோட்டத் தொழிலாளர்களில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. ஆதார் இணையாத யு.ஏ.என். எண்ணுக்கு மாதாந்திரப் பங்களிப்புக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாது என்ற விதி 2021இல் வந்தது. மற்ற தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் முதல் அது நடைமுறையானது. தேயிலை, காப்பி போன்ற தோட்டத் தொழிலுக்கு மட்டும், பீடி, கட்டட வேலை ஆகியவற்றோடு சேர்த்து, 31.12.2021 வரை அவகாசம் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? தோட்டத் தொழிலாளர்களின் பதிவுகள் இப்படித்தான் இருக்கும், சரிசெய்ய நேரம் பிடிக்கும் என்று தெரிந்துதான். அந்த மாதங்களில் உங்கள் ஆபீஸில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்திருக்க வேண்டும். லெட்சுமி அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

அவருடைய பாஸ்புக்கில் பங்களிப்பு அந்தச் சமயத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் தினமும் மலையேறிக் கொழுந்து பறித்தார். சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று 12 சதவீதம் பிடித்தமும் தொடர்ந்தது. அந்தப் பணம் எங்கே என்று கேட்டால், “ஆதார் ஏறாததால அப்லோட் ஆகல, எங்ககிட்ட பத்திரமா இருக்கு” என்று பதில் வந்தது. பத்திரமாக இருக்கலாம். ஆனால் அவர் கணக்கில் இல்லை. அதற்கு வட்டியும் ஏறவில்லை, முதலாளி போட வேண்டிய பங்கும் ஏறவில்லை, பென்ஷனுக்கான சேவைக் காலத்திலும் அந்த மாதங்கள் சேரவில்லை. பென்ஷன் வாங்கப் பத்து வருடச் சேவை வேண்டும். அக்காவுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது, அதனால் தப்பித்தார். இடையில் தோட்டம் மாறி வந்தவர்களுக்கு அந்த விடுபட்ட மாதங்கள்தான் பத்தை எட்டுவதா இல்லையா என்று தீர்மானிக்கும்.

முடியாத வேலையை உங்களிடம் கேட்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க் அம்மா ஒருவர் சம்பள நாளன்று ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். சம்பளம் வாங்க வருகிறவர்களிடம் ஆதார் அட்டையை வாங்கி, யு.ஏ.என். பட்டியலோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தவர்களின் பெயரை மட்டும் தனியாக எழுதிக்கொண்டார். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி என்று பார்த்தார். அடுத்த சம்பள நாளில் படிவங்கள் தயாராக இருந்தன. தொழிலாளி கைநாட்டு, மேலாளர் கையெழுத்து, கூடவே ஆதார் நகல். அந்தத் தோட்டத்து ஆட்கள் இப்போது இந்தச் சிக்கலோடு யாரிடமும் போய் நிற்பதில்லை. அந்த அம்மாவுக்கு இதற்காகத் தனிச் சம்பளம் ஒன்றும் இல்லை.

இனி நான் கேட்பவை.

தோட்ட நிர்வாகங்களுக்கு: அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள், எழுதாமல் வாய்வார்த்தையாகச் சொல்கிறவர்களும் சொல்வதை நிறுத்துங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் ஒரே பெயர் இருந்து, பி.எஃப். பதிவில் மட்டும் வேறாக இருந்தால், திருத்த வேண்டியது பி.எஃப். பதிவுதான் என்று உங்கள் கிளார்க்குகளுக்கு எழுத்தில் சொல்லுங்கள். கூட்டு உறுதிமொழி கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் 15 நாளுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். ஓய்வு பெற்றுப் போனவர்களும் உங்கள் ஆட்கள்தான், அவர்கள் படிவத்துக்கும் இது பொருந்த வேண்டும். 55 வயது தாண்டிய எல்லோருடைய பதிவையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதார் இணையவில்லை என்று சொல்லிப் பிடித்து வைத்திருக்கும் பணம் யார் யாருடையது, எந்த மாதத்தது, எவ்வளவு என்ற கணக்கை ஒவ்வொரு தொழிலாளிக்கும் தமிழில் எழுதிக் கொடுங்கள். பெயர் திருந்திய உடனே அந்த மாதங்களை உங்கள் பங்கோடு சேர்த்துச் செலுத்துங்கள். தாமதத்துக்கான வட்டியும் நஷ்ட ஈடும் வந்தால் அது தொழிலாளி தலையில் விழக் கூடாது.

பி.எஃப். அதிகாரிகளுக்கு: ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டங்களில் நீங்கள் நடத்தும் குறைதீர் முகாமை, நீலகிரியில் சில மாதங்களுக்காவது கூடலூரிலும் பந்தலூரிலும் நடத்துங்கள். காகிதக் கூட்டு உறுதிமொழியை அங்கேயே வாங்கி ரசீது கொடுங்கள். மூடிக்கிடக்கும் தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு முதலாளிக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போடலாம் என்பது உங்கள் விதிகளில் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒட்டச் செய்யுங்கள். திரையில் வரும் செய்தியையும் மாற்றுங்கள். எண் செல்லாததா, பெயர், தேதி, பாலினம் ஆகியவற்றில் ஏதோ பொருந்தாததா என்பதைத் தமிழில் தெளிவாகக் காட்டுங்கள். இனிஷியல் மட்டுமே வேறுபாடு, பிறந்த தேதியும் பாலினமும் பொருந்துகின்றன, வங்கிக் கணக்கும் அவருடையதே என்கிற நிலையில் பகுதிப் பொருத்தத்தை ஏற்கலாமா என்று பரிசீலித்து, முடிவை வெளியிடுங்கள்.

லெட்சுமி அக்காவின் கூட்டு உறுதிமொழி பூர்த்தியாகி, கைநாட்டோடும் ஆதார் நகலோடும் அவர் வேலை பார்த்த தோட்டத்தின் ஆபீஸில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் இதைப் படித்தால், இந்த வாரத்துக்குள் அதைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூடலூர் வட்டத்தில் இ-சேவை மையம் நடத்தும்
தோட்டத் தொழிலாளியின் மகன்